மூன்று கேள்விகளுக்கு ஒரு கடிதம்

நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பார்க்கிற தொழிலாளி ஒருவர் மேஸ்திரியிடம் போய், "அண்ணே, வர்ற வியாழக்கிழமை பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஆண்டுவிழா. டான்ஸ்ல இருக்கா. கொஞ்சம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்கிறார். பாப்பா என்ன பாட்டுக்கு ஆடுகிறாள் என்று மேஸ்திரி விசாரிப்பதில்லை. "எத்தன மணிக்குப் போவ? எப்பத் திரும்புவ? உன் சைடை யாரு பாத்துக்குவா?" என்றுதான் கேட்பார்.

அவருக்குக் கல்மனது என்று நினைக்க வேண்டியதில்லை. ஃபிரேம் ஓடிக்கொண்டே இருக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், அறுந்ததை யாராவது ஒட்டியாக வேண்டும். ஆள் இல்லாத சைடில் கழிவுப் பஞ்சு சேரும், உற்பத்தி குறையும், மறுநாள் அதற்கு மேஸ்திரிதான் பதில் சொல்வார். மகளின் நாட்டியத்தைப் பார்க்கப் போவது நியாயம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தெரிய வேண்டியது மீதிக் கணக்குதான்.

வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், மென்பொருள் நிறுவனம், ஜவுளிக்கடை என்று எங்கே வேலை பார்த்தாலும், பிள்ளையின் பள்ளிக்குப் போகச் சில மணி நேரம் கேட்கும்போது இந்த மூன்று கேள்விகளும் வரும். மேஸ்திரி வாய்விட்டுக் கேட்கிறார், மேலாளர் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார். கூடவே ஓசையில்லாமல் நான்காவது கேள்வி ஒன்றும் வரும்: இந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நான்குக்கும் பதில் இருக்கிற கடிதத்தில் படித்த கையோடு கையெழுத்து விழுகிறது. ஒன்று விடுபட்டாலும் கடிதம் மேசையிலேயே கிடக்கும், நாமும் நான்கு தடவை போய் நிற்போம்.

பள்ளியில் படித்த விடுப்பு விண்ணப்பம்

நம்மில் பலருக்குக் கடிதம் எழுதத் தெரிந்ததே ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில்தான். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம், காய்ச்சல் காரணமாகவோ அக்காள் திருமணத்தின் காரணமாகவோ இரண்டு நாள் விடுப்பு, இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். அந்த வடிவம் மனதில் பதிந்துவிட்டது. முப்பது வயதில் அலுவலகத்துக்கு எழுதும்போதும் கை அதையே எழுதுகிறது.

மாணவனுக்கு அந்த வடிவம் போதும். அவன் வராவிட்டால் வகுப்பு நின்றுபோகாது, அவனுடைய வேலையை வேறொருவர் செய்ய வேண்டியதும் இல்லை. அதனால் அந்த விண்ணப்பத்தில் காரணத்தைச் சொல்வதற்கும் பணிவைக் காட்டுவதற்கும் மட்டும் இடம் இருக்கிறது. நேரத்தை அது நாளாக அளக்கிறது, மணியாக அளப்பதில்லை. நான் இல்லாதபோது இன்னார் பார்த்துக்கொள்வார் என்ற வரிக்கு அதில் இடமே கிடையாது.

அலுவலகத்தில் நாம் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். காரணத்துக்கு ஆறு வரி, பணிவுக்கு நான்கு வரி, நேரத்துக்கு "சிறிது நேரம்" என்ற இரண்டே சொற்கள், வேலைக்கு ஒன்றுமே இல்லை. சரியான கடிதத்தில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கும். காரணம் ஒரே வரியில் முடியும், மீதி இடமெல்லாம் நேரத்துக்கும் வேலைக்கும் போகும்.

எந்தக் கணக்கில் போகிறது?

எழுத உட்காருவதற்கு முன் நான்காவது கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்கென்று தனியாக மணிக்கணக்கில் விடுப்புத் தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில், பெற்றோர் ஒருவர் ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை பள்ளிக் காரியங்களுக்கு எடுக்கலாம். ஆனால் அங்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்டால் பள்ளியிடமிருந்து சான்று காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படியொரு உரிமை இல்லாததால், இருக்கிற விடுப்புகளில் ஒன்றுக்குள்தான் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தை நுழைக்க வேண்டியிருக்கிறது.

மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள், தமிழக அரசு ஊழியருக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. இரண்டு இடங்களிலும் அதை அரை நாளாக எடுக்கலாம். மத்திய அரசு அலுவலகத்தில் தக்க காரணம் இருந்தால், மாதத்தில் இரண்டு முறை வரை, ஒரு மணி நேரத்துக்குள் தாமதமாக வருவதை அதிகாரி பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அரை நாள் கழியும்.

அரசுப் பணியில் இருக்கிற தாய்மார்களில் சிலர், "குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறதே, அதில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் அந்த விடுப்பு உண்டு. ஆனால் அதை ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறைவாக எடுக்க முடியாது. பொதுத்தேர்வு நேரத்துக்கு அது கைகொடுக்கும். ஒரு மாலைப்பொழுதுக்குப் பொருந்தாது.

தனியார் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்க அது இடம் தருகிறது. அங்கும் கணக்கு நாளில்தான். பேச்சில் நாம் 'பர்மிஷன்' என்று சொல்லும் மணிக்கணக்கு ஏற்பாடு அந்தந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்டது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் தரும் இடமும் உண்டு, ஒன்றுமே தராத இடமும் உண்டு. உங்கள் நிறுவனத்தில் எது என்பதை எச்.ஆர். பிரிவிடமோ பணி நியமன ஆணையோடு தந்த விதித்தாளிலோ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விடுப்பெல்லாம் தீர்ந்துபோனவர்களுக்கு எஞ்சுவது சம்பளப் பிடித்தம். இதில் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. வேலைக்கு வராத நேரத்துக்குப் பிடிக்கும் தொகை, வராத நேரத்தின் விகிதத்தை மீறக்கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் தன் 9-ஆம் பிரிவில் வகுத்த இந்த நெறி, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் போய்வந்தவருக்கு அன்றைய கூலியில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எது என்பது எழுத்தில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும். வாய்ப்பேச்சில் போய்விட்டு வந்தவருக்கு அரை நாள் போனால், இல்லை என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இருக்காது.

நேரத்தைக் கணக்கிடுவது

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு உதவியாளர். அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6.00 வரை. மகள் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வு முடிந்திருக்கிறது. 20-02-2026 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வருகிறது. ஸ்கூட்டரில் போனால் இருபத்தைந்து நிமிடம். நிறுவனத்தில் மாதத்துக்கு 2 மணி நேரம் பர்மிஷன் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும் என்று தோன்றும். 2.00 மணிக்குக் கிளம்பி 4.00 மணிக்கு வந்துவிடலாமே. ஆனால் கூட்டம் எப்படி நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் எல்லோரையும் அரங்கில் உட்காரவைத்துத் தலைமையாசிரியர் அரை மணி நேரம் பேசுவார். அதன் பிறகுதான் வகுப்பறையில் வரிசை. ஒவ்வொரு பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் மூன்று நிமிடம் ஒதுக்குகிறார் என்றும், மகளின் வரிசை எண் 38 என்றும் வைத்துக்கொண்டால், முன்னால் இருக்கிற 37 பேருக்கு 111 நிமிடம் ஆகும். மூன்று மணிக்குத் தொடங்கினால் இவருடைய முறை வர 4.50 தாண்டிவிடும். பேசி முடித்து, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அலுவலகம் வந்து சேர 5.20 ஆகும். இரண்டு மணி நேரம் கேட்டவர் மூன்று மணி இருபது நிமிடம் எடுத்ததாகக் கணக்கு வரும். மேலாளரின் மனதில் நிற்பது அந்த வித்தியாசம்தான்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. நேர்மையாக அரை நாள் தற்செயல் விடுப்புக் கேட்டுவிடலாம். விடுப்பு மீதி இருந்து, மகளைப் பற்றி ஆசிரியர்களிடம் விரிவாகப் பேச வேண்டியும் இருந்தால், இதுதான் நிம்மதி. வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற பேச்சு யாருக்கும் உதவாது.

விடுப்பைச் சேமிக்க வேண்டியிருந்தால், அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் பள்ளிக்கு எழுத வேண்டும். மகளின் டைரியில் இரண்டே வரி: "மிஸ், வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அலுவலகத்தில் அனுமதி பெற்று வருகிறேன். 3.00 மணிக்கு முதலில் என்னைப் பார்த்து அனுப்ப இயலுமா?" வேலைக்குப் போகும் பெற்றோரின் சிரமம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பலர் தங்கள் பிள்ளையின் கூட்டத்துக்கு இதே போல ஓடுகிறவர்கள். சரி என்று பதில் வந்தால் வகுப்பாசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்குமாக அரை மணி நேரம், 3.30-க்குக் கிளம்பினால் 3.55-க்கு அலுவலகம். போக்குவரத்து நெரிசலுக்கு இருபது நிமிடம் சேர்த்து 4.15 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, கேட்க வேண்டியது 2.00 முதல் 4.15 வரை. பர்மிஷன் வரம்பைவிடக் கால் மணி நேரம் கூடுதல். அந்தக் கால் மணி நேரத்தை மறைக்காமல், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, வேலை. பிப்ரவரி 20 கணக்குப் பிரிவில் சாதாரண நாள் இல்லை. மாதாந்தர ஜி.எஸ்.டி. 3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அதுதான். கடிதத்தைப் பார்த்ததும் மேலாளரின் கண் தேதியில்தான் நிற்கும். அவர் வாய் திறப்பதற்கு முன் கடிதம் பதில் சொல்லிவிட வேண்டும்.

கடிதம்

*அனுப்புநர்:* (பெயர்), கணக்கு உதவியாளர்
*பெறுநர்:* கணக்கு மேலாளர் அவர்கள்
*நாள்:* 17-02-2026

*பொருள்:* 20-02-2026 வெள்ளி, பிற்பகல் 2.00 முதல் 4.15 வரை அனுமதி வேண்டுதல் – மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

ஐயா,

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் 20-02-2026 பிற்பகல் 2.30 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்ள அன்று 2.00 மணிக்குப் புறப்பட்டு 4.15 மணிக்குள் பணிக்குத் திரும்ப அனுமதி வேண்டுகிறேன்.

அன்று கடைசி நாளான ஜி.எஸ்.டி. 3பி தாக்கலை 19-ஆம் தேதி மாலைக்குள் முடித்துவிடுகிறேன். நான் இல்லாத நேரத்தில் டீலர்களின் அழைப்புகளை உடன் பணிபுரியும் (பெயர்) கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த மாதத்துக்குரிய 2 மணி நேர அனுமதியில் இதைக் கணக்கிட வேண்டுகிறேன். கூடுதலாகும் 15 நிமிடத்தை அன்று மாலை 6.15 வரை பணிபுரிந்து ஈடுசெய்கிறேன். பள்ளியின் அறிவிப்பு இணைக்கப்பட்டுள்ளது.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

அவ்வளவுதான். இதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தேதியும் நேரமும் பொருள் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். மேலாளர் இதைத் தொலைபேசித் திரையில் பார்த்தால் முதலில் தெரிவது அந்த ஒரு வரிதான். 'அனுமதி வேண்டுதல் தொடர்பாக' என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன, எப்போது என்று தேட அவர் உள்ளே போக வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கப்படும் கடிதங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

உடன் பணிபுரிபவரின் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துக்கிறீங்களாமே?" என்று விசாரிக்கும்போது அவர் விழித்தால், கடிதத்தில் இருக்கிற மற்ற எல்லா வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

மூன்று நாள் முன்னால் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. ஒரு வாரத்துக்கு முன் கொடுத்தால் மறந்துபோகும், முதல் நாள் மாலை கொடுத்தால் மறுப்பதற்கு மட்டுமே அவகாசம் இருக்கும். செவ்வாய்க்கிழமை கொடுத்தால், தாக்கல் வேலையை ஒரு நாள் முன்னுக்கு இழுக்க முடியுமா என்று அவர் நிதானமாக யோசிக்கலாம்.

கடிதத்தில் இல்லாததையும் சொல்ல வேண்டும். மகள் கணக்கில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பது இல்லை. தாத்தாவுக்கு முடியவில்லை, கணவர் வெளியூரில் இருக்கிறார் என்ற விளக்கமும் இல்லை. பிள்ளையின் பள்ளிக்குப் போவது தன்னளவிலேயே போதுமான காரணம். அதைத் தாங்கிப்பிடிக்கக் குடும்பக் கதையை அடுக்க அடுக்க, காரணம் போதவில்லை என்று எழுதுகிறவரே நினைப்பதுபோல் ஆகிவிடும். பிள்ளையின் அந்தரங்கமும் அலுவலகக் கோப்பில் ஏற வேண்டியதில்லை.

உடல்நிலை சரியில்லை என்று எழுதுகிறவர்கள்

பள்ளிக்கூடம் என்று எழுதினால் இதெல்லாம் ஒரு காரணமா என்பார்களோ என்று பயந்து, காய்ச்சல் என்றோ 'சொந்த அலுவல்' என்றோ எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் எழுதுகிறவருக்குத்தான் தீங்கு.

காய்ச்சல் என்று எழுதினால் அது மருத்துவ விடுப்பின் கணக்குக்குள் போகிறது, சில இடங்களில் சான்றிதழ் கேட்பார்கள். அதே பள்ளியில் மேலாளரின் பிள்ளையோ அண்டை மேசைக்காரரின் பிள்ளையோ படித்தால் அன்று மாலையே விஷயம் வெளியே வரும். அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் வரும்போது நம்பிக்கை இருக்காது. 'சொந்த அலுவல்' பொய் இல்லை, ஆனால் அது எதையும் சொல்வதும் இல்லை. வேறு நாளுக்குத் தள்ளிப்போடக் கூடிய காரியமா, கூடாததா என்று அதை வைத்து முடிவுசெய்ய முடியாது. பெற்றோர் கூட்டத்தின் தேதியைப் பள்ளி குறிக்கிறது, நம்மால் மாற்ற முடியாது, எப்போது முடியும் என்பதும் ஏறத்தாழத் தெரியும். அனுமதி கொடுக்கிறவருக்கு இதைவிட எளிதான காரணம் கிடைப்பது அரிது. அதை மறைத்துவிட்டு, மங்கலான ஒன்றை எழுத வேண்டாம்.

ஆண்டுவிழா வேறு மாதிரி

பெற்றோர் கூட்டத்தின் நேரத்தை ஓரளவு கணித்துவிடலாம். ஆண்டுவிழா அப்படி இல்லை. அழைப்பிதழில் மாலை 5.00 மணி என்று போட்டிருந்தால் அது தமிழ்த்தாய் வாழ்த்துக்கான நேரம். அதன் பின் வரவேற்புரை, தலைமையாசிரியரின் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, பரிசளிப்பு. இவையெல்லாம் முடிந்துதான் கலை நிகழ்ச்சிகள். சிறப்பு விருந்தினர் தாமதமானால் எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகும். உங்கள் பிள்ளை மேடையேற ஏழு மணி ஆகலாம். அதே நேரம், ஒப்பனைக்காகப் பிள்ளையை மூன்று மணிக்கே கொண்டுவந்து விடச் சொல்லியிருப்பார்கள். அழைப்பிதழை மட்டும் பார்த்து 4.30-லிருந்து 6.30 வரை என்று எழுதிக் கொடுத்தவர், ஆண்டறிக்கையும் சிறப்புரையும் கேட்டுவிட்டு, மகள் மேடைக்கு வருவதற்குள் எழுந்து போக நேரும். இதைவிட மனம் நோகும் அனுமதி இருக்க முடியாது.

ஆகவே ஆண்டுவிழாவுக்கு எழுதுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பிள்ளையை எத்தனை மணிக்கு விட வேண்டும், நிகழ்ச்சி வரிசையில் அவளுடையது எத்தனையாவது? விடுவதற்கும் பார்ப்பதற்கும் இடையில் நான்கு மணி நேரம் இருந்தால், விட வேண்டிய வேலையைப் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும். கையில் இருக்கிற நேரத்தை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மீண்டும் பணிக்கு வர வேண்டியிராதபடி வேலை நேரத்தின் கடைசிப் பகுதியைக் கேட்பது இன்னும் நல்லது. எப்போது முடியும் என்று தெரியாத நிகழ்ச்சிக்குத் திரும்பும் நேரம் எழுதிக்கொடுப்பது நிறைவேற்ற முடியாத வாக்கு.

நூற்பாலைத் தொழிலாளிக்கு வருவோம். அந்த வியாழக்கிழமை அவருக்கு மாலை 4.30-லிருந்து இரவு 1.00 வரை இரண்டாம் ஷிப்ட். ஆண்டுவிழா அதற்குள் முழுதாக விழுகிறது. இரண்டு மணி நேரம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு ஏற்றது ஷிப்ட் மாற்றிக்கொள்வது. காலை 8.00 மணி ஷிப்டில் இருக்கிற, அதே ஃபிரேம் வேலை தெரிந்த ஒருவர் அன்று ஒரு நாள் இரண்டாம் ஷிப்டுக்கு வரச் சம்மதித்தால், இவர் காலையில் வேலை பார்த்துவிட்டு 4.30-க்குக் கிளம்பலாம். கடிதம் நான்கே வரி:

"12-02-2026 அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். அன்று மாலை மகளின் பள்ளி ஆண்டுவிழா இருப்பதால், முதல் ஷிப்டில் உள்ள (பெயர்) என் இடத்திலும் நான் அவர் இடத்திலும் அன்று ஒரு நாள் மட்டும் பணிபுரிய அனுமதி வேண்டுகிறோம். மறுநாள் முதல் அவரவர் ஷிப்டுக்கே வருவோம். இருவரும் சம்மதித்துக் கையொப்பமிடுகிறோம்."

கீழே இரண்டு கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒரே கையெழுத்தோடு போனால் மேஸ்திரி அந்த இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். மாற்றிக்கொள்வது என்றால் உண்மையிலேயே மாற்றிக்கொள்வதாக இருக்க வேண்டும். ஒருவரே இரண்டு ஷிப்டும் சேர்த்து ஓட்டுகிற ஏற்பாட்டை மேஸ்திரி ஏற்கக் கூடாது, தூக்கக் கலக்கத்தில் எந்திரத்தின் பக்கம் நிற்பது ஆபத்து. இந்த வழியில் விடுப்பும் கழியாது, கூலியும் குறையாது.

ஷிப்டின் நடுவில் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் மேஸ்திரியின் சம்மதம் மட்டும் போதாது, கேட் பாஸ் வேண்டும். வெளியே போன நேரமும் உள்ளே வந்த நேரமும் அதில் பதிவாகும். சம்பளக் கணக்கைத் தாண்டி அதற்கு இன்னொரு பயன் உண்டு. ஆலையில் தீ விபத்து நேர்ந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பதிவை வைத்துத்தான் எண்ணுவார்கள். பின்பக்கக் கதவு வழியாக நழுவிப் போனவரை அந்த நேரத்தில் உள்ளே தேடுவார்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

தலையசைப்பு அனுமதி ஆகாது. கடிதத்தின் ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதித் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் பதில் வரட்டும். வாட்ஸ்அப்பில் கேட்கும் வழக்கம் உள்ள இடத்திலும் இதே நான்கு பதில்களையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். துண்டு துண்டாக ஐந்து செய்தி அனுப்பினால் எதற்குச் சரி என்றார் என்பது பிறகு தெரியாது. கட்டைவிரல் குறி மட்டும் வந்தால், "நன்றி சார், 20-ஆம் தேதி 2.00 முதல் 4.15 வரை போய் வருகிறேன்" என்று திரும்ப எழுதிவிடுங்கள்.

போகும்போது மூவ்மெண்ட் ரிஜிஸ்டரில் நேரம் எழுதுங்கள், வந்ததும் வந்த நேரத்தை எழுதுங்கள். 4.15 என்று சொல்லிவிட்டு 4.40 ஆகும் என்று தெரிந்தால், பள்ளியிலிருந்தே ஒரு வரி சொல்லிவிடுங்கள், ரிஜிஸ்டரிலும் 4.40 என்றே எழுதுங்கள். ஒரு பெற்றோருக்குப் பள்ளி நாட்கள் முழுவதும் இப்படிக் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த கடிதத்தைப் படிக்கிறவர் இந்த ரிஜிஸ்டரைத்தான் நினைத்துப் பார்ப்பார்.

மறுத்துவிட்டால்? என்ன காரணம் என்று கேளுங்கள். தணிக்கை நாள், ஆள் பற்றாக்குறை என்று காரணம் நாளைச் சார்ந்ததாக இருந்தால், பள்ளியிடம் திரும்பிப் போகலாம். பள்ளி விடும் நேரத்தில் தனியாகப் பத்து நிமிடம் பார்க்க வகுப்பாசிரியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். காரணம் நேரத்தைச் சார்ந்ததாக இருந்தால், இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம், அல்லது அரை நாள் விடுப்பாக மாற்றிக் கேட்கலாம். மறுத்த பிறகும் சொல்லாமல் போவது மட்டும் கூடாது. அது அனுமதியில்லாத வருகையின்மை ஆகிவிடும், நியாயம் நம் பக்கமிருந்து அவர்கள் பக்கம் போய்விடும்.

வீட்டுக்குள்ளும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதங்களைப் பெரும்பாலும் தாய்மார்களே எழுதுகிறார்கள். அதனால் ஒரே ஒருவருடைய பர்மிஷன் மட்டும் மாதாமாதம் தீர்கிறது, ஒருவருடைய பெயர் மட்டும் அடிக்கடி போகிறவர் என்று பதிவாகிறது. தந்தைக்கும் அதே விடுப்பு இருக்கிறது. கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி நாட்காட்டியை எடுத்து, பெற்றோர் கூட்டங்களுக்கும் ஆண்டுவிழாவுக்கும் எதிரே யார் போவது என்று ஒவ்வொருவர் பெயராக எழுதிவிட்டால், இருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதங்களுக்கு மேல் வராது.

அந்தக் கடிதங்களைப் பெறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான்கு கேள்விக்கும் பதிலோடு வந்த கடிதத்தை அன்றே படித்து, ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுங்கள். பள்ளியில் முதல் முறையைக் கேட்டு வாங்குவதா, பாட்டியை அனுப்புவதா, ஷிப்ட் மாற்ற ஆள் தேடுவதா என்று அந்தத் தாயும் தந்தையும் முடிவெடுக்க அந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். இல்லை என்பதைக்கூட மூன்று நாள் முன்னால் சொன்னால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.